தமிழ் – ஆங்கில விலைப்பட்டியல்: இலக்கத்தில் 69 சதம், எழுத்தில் 68 சதம்

இரும்புக்கடை (கொழும்பு 12)

அனைவருக்கும் வணக்கம். பழைய சோனகத் தெருவில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான இரும்புப் பொருட் கடையின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். வெளிமாவட்ட வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தமிழில் கணக்கு வைப்பவர்கள் என்பதால், மூன்று மாதங்களுக்கு முன்னர் எங்கள் விலைப்பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைத்து எக்செலில் பயன்படுத்தத் தொடங்கினோம். அடியில் மொத்தத் தொகை இலக்கத்தில் ஒரு முறையும், எழுத்தில் இரு மொழிகளிலும் வருகிறது.

சென்ற வாரம் மட்டக்களப்புப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டது. பொருட்களின் பெறுமதி 1,027,545.50 ரூபா; அதற்கு 18 சதவீத வற் வரி 184,958.19 ரூபா, மொத்தம் 1,212,503.69 ரூபா. எழுத்தில் அச்சான இரண்டு வரிகளையும் அப்படியே கீழே தருகிறேன்.

```
ஒரு மில்லியன் இருநூறு பன்னிரண்டு ஆயிரம் ஐந்து நூறு
மூன்று ரூபாய் அறுபத்தெட்டு பைசா மட்டும்

Rupees One Million Two Hundred Twelve Thousand Five
Hundred Three and Cents Sixty Nine Only
```

சங்கத்தின் கணக்காளர் அம்மா "அறுபத்தெட்டு" என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "எது சரி?" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சதத்துக்காகச் சரக்குக்கான காசோலை ஒன்பது நாள் பிந்தியது. ஆங்கில வரிக்கான மேக்ரோ எங்களிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது, அதில் இதுவரை தவறு வந்ததில்லை. தமிழ் வரியை நண்பர் ஒருவர் வேறு முறையில், கலங்களில் சூத்திரம் இட்டு, ஆங்கிலச் சொற்கள் இருந்த பட்டியலில் தமிழ்ச் சொற்களைப் பதிலிட்டுத் தயாரித்துக் கொடுத்தார். அந்த ஒரு சதம் எங்கே போனது என்பதையும், தமிழ் வரியை எப்படி அமைக்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொள்ளுப்பிட்டி_வர்த்தகம்

தம்பி, இதைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். இலக்கத்துக்கும் எழுத்துக்கும் வேறுபாடு வந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது சட்டம். ஆகவே நீங்கள் சட்டப்படி 68 சதம்தான் கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஒரு சதம் என்பதால் தப்பினீர்கள். இலட்சத்தில் பிழைத்திருந்தால் அந்த இழப்பை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும்.

தமிழாசிரியை

அரச பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். விலைப்பட்டியலில் தமிழ் இலக்கங்களைப் பயன்படுத்துவது பற்றிய கேள்வி என்று விளங்கிக்கொண்டேன். ௧, ௨, ௩ என்னும் குறிகளோடு பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கும் ௰, ௱, ௲ என்று தனிக் குறிகள் தமிழில் உண்டு. அவற்றை நம் வணிகர்கள் மீண்டும் வழக்குக்குக் கொண்டுவருவார்களாயின் மகிழ்ச்சியே.

இரும்புக்கடை (கொழும்பு 12)

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு, என் கேள்வி தமிழ் இலக்கக் குறிகளைப் பற்றியது அன்று. இலக்கங்கள் எல்லோரும் வாசிக்கும் 1, 2, 3 என்னும் வடிவிலேயே இருக்கும். தொகையைச் சொற்களில் எழுதும் வரியைப் பற்றியே கேட்டேன். ஆனாலும் தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: "ஐந்து நூறு" என்று வந்திருப்பது பிழைதானே?

தமிழாசிரியை

பிழையே. கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டமைக்கு வருந்துகிறேன். "ஐந்நூறு" என்பதே சொல். பின்னால் வேறு எண் தொடருமானால் அது "ஐந்நூற்று" ஆகும். ஐந்நூறு ரூபா என்போம், ஐந்நூற்று மூன்று ரூபா என்போம். அவ்வாறே ஆயிரம் "ஆயிரத்து" என்றும், இலட்சம் "இலட்சத்து" என்றும் மாறும். தங்கள் வரியில் இந்த மாற்றம் ஓரிடத்திலும் நிகழவில்லை. அதனால்தான் அதை வாசிக்கும்போது ஒரே தொகையாக இல்லாமல் தனித்தனி எண்களாகச் செவியில் விழுகிறது.

கணக்காய்வு_வெள்ளவத்தை

இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்காய்வில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

முதலில் சட்டம் பற்றி. கொள்ளுப்பிட்டி நண்பர் குறிப்பிடும் விதி உண்மையில் இருக்கிறது. ஆனால் அது இருக்குமிடம் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. மாற்றுண்டியலிலும் காசோலையிலும் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் முரண் இருந்தால் எழுத்தில் உள்ள தொகையே செலுத்தத்தக்கது என்று அது கூறுகிறது. விலைப்பட்டியல் காசோலை அன்று. அதில் அளவு, அலகு விலை, வரி, மொத்தம் என்று கூட்டிப் பார்க்கக்கூடிய கணக்கு முழுவதும் அதே தாளில் இருப்பதால், எழுத்தில் ஒரு சதம் பிசகியதைக் கொண்டு கடன் தொகை மாறிவிட்டதென்று எவரும் வாதிட்டு வெல்ல முடியாது. சங்கத்தின் கணக்காளர் செய்ததோ முற்றிலும் சரி. கொடுப்பனவு உறுதிச்சீட்டில் அவர் எழுத்தில் தொகையை எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூன்று இடங்களில் இரண்டு தொகைகள் உள்ள ஓர் ஆவணத்தை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்ய முடியாது.

இனி அந்த ஒரு சதம். உங்கள் கோப்பைப் பாராமலே அது எங்கே போனது என்று சொல்லலாம். சதத்தைப் பிரித்தெடுக்க மொத்தத்திலிருந்து முழு ரூபாவைக் கழித்து, மீதியை நூறால் பெருக்கி, தசமத்தை வெட்டியிருப்பார்கள். கீழுள்ள இரண்டையும் வெற்றுக் கலங்களில் இட்டுப் பாருங்கள். F32 என்பது மொத்தத் தொகை உள்ள கலம்.

```
=INT((F32-INT(F32))*100)
=MOD(ROUND(F32*100,0),100)
```

முதலாவது 68 என்றும் இரண்டாவது 69 என்றும் காட்டும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருப்பதால் 1212503.69 என்ற எண்ணை அதனால் சரிநுட்பமாக வைக்க முடிவதில்லை. அது வைத்திருப்பது மிக நுண்ணிய அளவு குறைந்த ஓர் எண். முழு ரூபாவைக் கழித்து நூறால் பெருக்கினால் 68.99999999 என்று வரும். தசமத்தை வெட்டியதும் 68 ஆகிவிடும். வெட்டுவதற்கு முன்னர் முழுத் தொகையையும் சதமாக்கி, அதை ROUND கொண்டு முழு எண்ணாக மட்டம் தட்டிவிட வேண்டும். இந்தப் பிழை எல்லாப் பட்டியல்களிலும் வராது. சில தொகைகளில் வரும், சிலவற்றில் வராது; மூன்று மாதம் உங்கள் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் அதுவே. பழைய பிரதிகளைத் திறந்து இரண்டு சூத்திரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இன்னும் சில அகப்படும்.

இரும்புக்கடை (கொழும்பு 12)

ஐயா, தாங்கள் கூறியது சரியே. சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன், தாங்கள் எழுதிய முதலாவது வரியேதான் அதில் இருக்கிறது. இந்த மூன்று மாதப் பட்டியல்களில் மேலும் பதினொன்றில் ஒரு சதம் குறைந்திருக்கிறது, எவரும் கேட்கவில்லை. அவற்றுக்குத் திருத்திய பிரதிகளை அனுப்புகிறோம். சொற்களை எப்படி அமைப்பது என்பதையும் கூறுவீர்களா?

கொட்டாஞ்சேனை_கணனி

அதற்கு நான் உதவுகிறேன் அண்ணா. எளிய வழி இருக்கிறது. ஆங்கில மேக்ரோவையே பிரதி எடுத்து, அதனுள் இருக்கும் சொற்களைத் தமிழில் மாற்றினால் போதும். "தௌசண்ட்" என்ற இடத்தில் "ஆயிரம்", "ஹண்ட்ரட்" என்ற இடத்தில் "நூறு" என்று மாற்றி, "ரூபாய்", "பைசா" என்பவற்றை "ரூபா", "சதம்" என்று திருத்திவிடுங்கள். சதத்தையும் அந்த மேக்ரோ சரியாகவே எடுக்கிறதே.

கணக்காய்வு_வெள்ளவத்தை

தம்பி, ரூபாவும் சதமும் நம் நாட்டுச் சொற்கள் என்று நீங்கள் சுட்டியது சரியானது; மட்டும் என்பதையும் "மாத்திரம்" என்று மாற்றுவது நல்லது, இங்கே வங்கியிலும் கந்தோரிலும் அதுவே வழக்கு. ஆனால் மேக்ரோ வழி இரண்டு காரணங்களால் சரிவராது.

எக்செலில் மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் யுனிகோட் எழுத்தை ஏற்பதில்லை. அங்கே தமிழில் தட்டச்சிட்டாலோ ஒட்டினாலோ கேள்விக்குறிகளின் வரிசை ஒன்றுதான் தெரியும். ஆகவே சொற்களைக் கலங்களில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அந்த அளவில் இவருடைய நண்பர் செய்தது சரி.

மற்றைய காரணம் பெரியது. ஆங்கிலம் தொகையை மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே முறையில் வாசித்து, பின்னால் தௌசண்ட், மில்லியன் என்று சேர்க்கிறது. தமிழ் அப்படி வெட்டுவதில்லை. கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பின்னர் இரண்டிரண்டாக வெட்டுகிறது: பன்னிரண்டு இலட்சம், பன்னிரண்டாயிரம், ஐந்நூற்று மூன்று. "இருநூறு பன்னிரண்டு ஆயிரம்" என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. உங்கள் வரியில் அது வந்ததற்குக் காரணம், சொற்களை மாற்றினார்களே தவிர வெட்டும் இடத்தை மாற்றவில்லை என்பதே. ஆகவே முதலில் தொகையைத் தமிழ் வெட்டும் இடத்தில் வெட்டுங்கள். H1 முதல் H5 வரை ஐந்து கலங்கள் போதும்.

```
H1  =INT(F32/100000)
H2  =MOD(INT(F32/1000),100)
H3  =MOD(INT(F32/100),10)
H4  =MOD(INT(F32),100)
H5  =MOD(ROUND(F32*100,0),100)
```

உங்கள் தொகைக்கு இவை 12, 12, 5, 3, 69 என்று வரும். F32 கலத்திலேயே மொத்தத்தை ROUND கொண்டு இரண்டு தசமத்துக்கு மட்டம் தட்டியிருக்க வேண்டும். கலத்தின் தோற்றத்தை மாத்திரம் இரண்டு தசமமாக மாற்றியிருந்தால் போதாது. தோற்றத்தில் 504.00 என்று தெரியும் தொகை உள்ளே 503.996 ஆக இருக்கக்கூடும். அப்போது இலக்கம் நான்கு என்றும் எழுத்து மூன்று என்றும் கூறும்.

இதற்குப் பின்னர் சொற்களுக்கென்று தனித் தாள் ஒன்றைத் திறந்து அதற்கு Sol என்று பெயரிடுங்கள். 1 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிரை. B நிரலில் எண்ணுப்பெயர். C நிரலில் அதன் ஆயிர வடிவம், தொகை அங்கே முடியும்போது. D நிரலில் பின்னால் எண் தொடரும்போது வரும் ஆயிர வடிவம். 12ஆம் நிரையில் "பன்னிரண்டு, பன்னிரண்டாயிரம், பன்னிரண்டாயிரத்து" என்று இருக்கும். மூவாயிரம், ஐயாயிரம், பதினோராயிரம் போன்றவற்றைச் சூத்திரத்தால் ஒட்டி உண்டாக்க முயலாதீர்கள். 99 நிரைகளையும் கையால் எழுதிவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலை, அதற்குப் பின்னர் ஒருபோதும் தொட வேண்டியதில்லை. ஆயிரத்துக்கான சொல் J2 கலத்தில் இவ்வாறு வரும்:

```
=IF(H2=0,"",INDEX(Sol!$C$1:$D$99,H2,IF(H3+H4>0,2,1)))
```

பின்னால் நூறோ மீதியோ இருந்தால் இரண்டாவது வடிவம், இல்லையேல் முதலாவது. நூறுகளுக்கு ஒன்பதே நிரைகள் கொண்ட சிறிய பட்டியல் ஒன்று, அதிலும் இதே போல் இரண்டு வடிவங்கள். "நூறு" என்று முடிவதை எல்லாம் "நூற்று" என்று மாற்றினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒன்பதாவது நிரையில் "தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து" என்று வரும்; அங்கே மாற்றுச் சூத்திரம் தோற்றுவிடும்.

அச்சுக்கூடம்_மருதானை

எங்கள் அனுபவத்தையும் கூறுகிறேன், ஏனெனில் இவ்வகைப் பட்டியல்களை அச்சிட்டுக் கொடுப்பதே எங்கள் தொழில். வாடிக்கையாளர் ஒருவர் பாமினி எழுத்துருவில் தமிழ்த் தலைப்புகளை அமைத்து, கோப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பெற்றுக்கொண்ட நிறுவனத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. தாளின் உச்சியில் "விலைப்பட்டியல்" இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் கண்டது இது:

```
tpiyg;gl;bay;
```

மோசடிக் கோப்பு என்று எண்ணி அவர்கள் அதைத் திறந்தவுடனே அழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து யுனிகோட்டில் இல்லாத எதையும் நாங்கள் ஏற்பதில்லை. விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ அல்லது லதா போதும். அனுப்புவது பீடிஎஃப் ஆக இருக்கட்டும், அதில் எழுத்துருவும் சேர்ந்தே போகும்.

இவரிடம் ஒன்று கேட்க வேண்டும். தொகை எழுதும் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மொத்தங்களுக்கு இடப் பக்கத்தில் சிறிய பெட்டியாகவா?

இரும்புக்கடை (கொழும்பு 12)

ஆம், இடப் பக்கத்தில், தாளின் பாதி அகலத்தில், நான்கு கலங்களை ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறோம். ஆங்கில மாதிரியில் அப்படித்தான் இருந்தது.

அச்சுக்கூடம்_மருதானை

அங்கேதான் அடுத்த பிழை காத்திருக்கிறது. தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளமாக ஓடும், இரண்டாம் அடிக்கு மடியும். எக்செலில் தனிக் கலத்தின் உயரம் உள்ளிருக்கும் எழுத்துக்கு ஏற்பத் தானாகக் கூடும். இணைத்த கலத்தின் உயரம் கூடாது. மூன்றாம் அடிக்குப் போகும் சொற்கள் பெட்டிக்குக் கீழே மறைந்துவிடும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. மறைவது பெரும்பாலும் சதமும் "மாத்திரம்" என்ற சொல்லுமே.

நாங்கள் அமைக்கும் முறை இது: மொத்தங்கள் முடிந்த பின்னர், தாளின் முழு அகலத்துக்கும் தமிழ் வரி, அதற்குக் கீழே அதே அகலத்தில் ஆங்கில வரி. இரண்டுக்கும் இரண்டு அடி உயரத்தை முன்கூட்டியே நிலையாகக் கொடுத்துவிடுவோம். சோதிப்பதற்கு 9,999,999.99 என்ற தொகையை இடுவோம், ஏனெனில் தமிழில் ஒன்பதுகள்தாம் மிக நீளமானவை:

```
தொண்ணூற்றொன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாவும்
தொண்ணூற்றொன்பது சதமும் மாத்திரம்
```

இது அடங்கினால் எல்லாம் அடங்கும். தலைப்புகளிலும் "தொகை" என்று எழுதிச் சரிவுக் கோடிட்டு அதே அடியில் ஆங்கிலத்தையும் எழுத வேண்டாம். ஒடுங்கிய நிரலில் அது சொல்லின் நடுவே உடையும். மேலே தமிழ், அடியில் ஒரு புள்ளி சிறிய அளவில் ஆங்கிலம். நிரையின் உயரத்தைச் சற்றுத் தாராளமாக விடுங்கள், இல்லையேல் "விபரம்" என்பதன் மெய்ப்புள்ளி மேற்கோட்டில் மறைந்து "விபரம" என்று வாசிக்க நேரும்.

கணக்காய்வு_வெள்ளவத்தை

மருதானை நண்பர் கூறிய அமைப்பை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மாத்திரம் சேர்க்க வேண்டும். தலைப்புகள் இரு மொழியில் இருக்கட்டும், எழுத்தில் தொகை இரு மொழியில் இருக்கட்டும். ஆனால் இலக்கங்கள் தாளில் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். தமிழுக்கு ஒரு தொகை நிரல், ஆங்கிலத்துக்கு இன்னொன்று என்று இரட்டிப்பாக அமைத்த பட்டியல்களைக் கணக்காய்வில் கண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் கழிவைத் திருத்தியவர் மறுபக்கத்தைத் திருத்த மறந்திருப்பார். எழுத்தில் வரும் இரண்டு வரிகளும் F32 என்ற அந்த ஒரே கலத்திலிருந்தே பிறக்க வேண்டும்.

தாளின் உச்சியில் கீழுள்ள இரண்டு சொற்களும் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும். 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம் இதை எதிர்பார்க்கிறது. தமிழில் "வரி விலைப்பட்டியல்" என்பதை அதற்கு மேலே எழுதுங்கள், அதற்குப் பதிலாக எழுதாதீர்கள்.

```
TAX INVOICE
```

கொட்டாஞ்சேனை_கணனி

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி, மேக்ரோ வழி பிழை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மருதானை அண்ணாவின் எடுத்துக்காட்டில் "இலட்சத்துத்" என்று ஈற்றில் ஒரு "த்" மிகுந்திருக்கிறது. ஐயாவின் சூத்திரத்தில் அது வராதே. இதற்கு இன்னொரு பட்டியல் வேண்டுமா?

தமிழாசிரியை

"இலட்சத்து", "ஆயிரத்து", "நூற்று" ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ஆகவே "இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து" என்பதே முறை. தாங்கள் அஞ்சுமளவுக்கு இது கடினமன்று. எண்ணுப்பெயர்களின் முதலெழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: வல்லினத்தில் தொடங்குபவை பத்து முதல் பத்தொன்பது வரை உள்ளவையும், தொண்ணூறும் தொள்ளாயிரமும், அவற்றிலிருந்து பிறப்பவையுமே. ப, த என்ற இரண்டு எழுத்துகளைக் கவனித்தாலே போதும்.

கொட்டாஞ்சேனை_கணனி

மிக்க நன்றி அம்மா. அப்படியானால் ஒரே சூத்திரத்தில் முடிந்துவிடும். எக்செலில் LEFT என்பது உயிர்க்குறியை விட்டுவிட்டு "தொ" என்பதிலிருந்தும் வெறும் "த" என்பதையே எடுத்துத் தருகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. 3021 என்பது மெய்ப்புள்ளியின் யுனிகோட் எண். இலட்சத்துக்குப் பின்னர் இதை ஒட்டலாம்:

```
=IF(OR(LEFT(J2,1)="ப",LEFT(J2,1)="த"),LEFT(J2,1)&UNICHAR(3021),"")
```

கணக்காய்வு_வெள்ளவத்தை

நன்று தம்பி. ஆனால் 500,010 ரூபாவை இட்டுப் பாருங்கள். அங்கே ஆயிரம் இல்லை, J2 வெறுமையாக இருக்கும். வர வேண்டியது "ஐந்து இலட்சத்துப் பத்து". உங்கள் சூத்திரம் "ஐந்து இலட்சத்து பத்து" என்று விட்டுவிடும். J2 என்பதற்குப் பதிலாக J2&J3&J4 என்று மூன்றையும் சேர்த்து அதன் முதலெழுத்தைப் பாருங்கள். J3 நூறுக்கும் J4 மீதிக்கும் உரியவை.

கொள்ளுப்பிட்டி_வர்த்தகம்

சட்டம் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுத்தில் தொகையைத் தொடங்கும்போது "ரூபா" என்ற சொல்லை முன்னால் வைப்பதே பாதுகாப்பு என்று நான் இன்னமும் கருதுகிறேன். "ஆயிரத்து ஐந்நூறு ரூபா" என்று தொடங்கினால், முன்னாலுள்ள வெற்றிடத்தில் எவரும் இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ரூபீஸ் முன்னால் வருவதும் அதனால்தானே.

கணக்காய்வு_வெள்ளவத்தை

உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. ரூபாவை முன்னால் வைத்துச் சதத்தையும் அதே முறையில் எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது இது:

```
ரூபா பன்னிரண்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று
மூன்று சதம் அறுபத்தொன்பது மாத்திரம்
```

"மூன்று சதம்" என்று கண் சேர்த்து வாசித்துவிடுகிறது. தமிழில் அலகு எண்ணுக்குப் பின்னால் வருவதே இயல்பு; முன்னால் வைத்த அலகு அடுத்த எண்ணோடு ஒட்டாமல் முன்னைய எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது இதுவே:

```
தொகை எழுத்தில்: பன்னிரண்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து
ஐந்நூற்று மூன்று ரூபாவும் அறுபத்தொன்பது சதமும் மாத்திரம்
```

"தொகை எழுத்தில்" என்ற சொற்களை அதே கலத்தில், இடைவெளி விடாமல் சூத்திரத்தின் பகுதியாகவே வைத்தால் முன்னால் எவரும் எதையும் நுழைக்க முடியாது. ஒரு இலட்சத்துக்கு "ஒரு இலட்சத்து" என்றும், ஆயிரத்துக்கு "ஓராயிரத்து" என்றும் முதல் நிரையில் எழுதிவைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். சதம் இல்லாதபோது "ரூபாவும்" என்பது "ரூபா" என்று மாற வேண்டும். அதை H5 சுழியமா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கொள்ளுப்பிட்டி_வர்த்தகம்

கையால் எழுதும் பற்றுச்சீட்டுகளில் ரூபா முன்னாலேயே அச்சிட்டு வருகிறது, அங்கே உங்கள் முறை பொருந்தாது. கணினியில் அச்சிடும் பட்டியலுக்கு மாத்திரம் ஒப்புக்கொள்கிறேன்.

இரும்புக்கடை (கொழும்பு 12)

நேற்றிரவு முழுவதையும் மாற்றி அமைத்தேன். 99 நிரைகளையும் தட்டச்சிட இரண்டு மணித்தியாலம் பிடித்தது. எண்ணாயிரமா எட்டாயிரமா என்று தயங்கி, வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்லும் எட்டாயிரத்தையே எழுதினேன். திருப்பி அனுப்பப்பட்ட அதே தொகையை இட்டபோது ஐயா எழுதிக் காட்டிய வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது. 500,010 ரூபாவையும், ஒன்பதுகள் நிறைந்த தொகையையும், சதமே இல்லாத 1,000,000 ரூபாவையும் சோதித்தேன். கடைசியானது "பத்து இலட்சம் ரூபா மாத்திரம்" என்று சரியாக முடிந்தது.

ஒன்று மாத்திரம் பிழைத்தது. இந்த ஆண்டின் மொத்தத்தைச் சும்மா இட்டுப் பார்த்தபோது, கோடியைத் தாண்டியதால் H1 நூறுக்கு மேல் போய், பட்டியலில் அப்படி ஒரு நிரை இல்லாமல் பிழைக்குறி வந்தது. கோடிக்கு இன்னொரு கலம் சேர்க்க வேண்டும் போலும்.

கணக்காய்வு_வெள்ளவத்தை

ஆம். கோடியை 10000000 ஆல் வகுத்துத் தனியே எடுங்கள். இலட்சத்துக்கும் ஆயிரத்தைப் போல் MOD இட்டு 100க்குள் நிறுத்துங்கள். கோடிக்குப் பின்னால் எண் தொடர்ந்தால் "கோடியே" என்று வரும்; அதற்குப் பின் ஒற்று மிகாது, ஆகவே கொட்டாஞ்சேனைத் தம்பியின் சூத்திரத்தை அங்கே ஒட்ட வேண்டாம்.

அச்சுக்கூடம்_மருதானை

இலக்கத்தில் 1,212,503.69 என்று மூன்று மூன்றாகக் காற்புள்ளி இருக்கிறது, எழுத்திலோ பன்னிரண்டு இலட்சம் என்று வருகிறது. என் வாடிக்கையாளர்களில் சிலர் இதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். காற்புள்ளியை 12,12,503.69 என்று மாற்றலாமா?

கணக்காய்வு_வெள்ளவத்தை

மாற்ற வேண்டாம். இங்குள்ள வங்கிகளும் கணக்கு மென்பொருள்களும் மூன்று மூன்றாகவே பிரிக்கின்றன. அதே தாளில் ஆங்கில வரியும் மில்லியன் என்றே கூறுகிறது. தமிழ் வரியில் "பன்னிரண்டு இலட்சம்" என்பதை விட்டு "ஒரு மில்லியன்" என்று எழுதுவோரும் உளர், பத்திரிகைகளில் அது வழக்கமாகிவிட்டது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தொடங்கினால் அடுத்து இரண்டு இலட்சம் என்று எழுதுவதா, இருநூற்றுப் பன்னிரண்டாயிரம் என்று எழுதுவதா என்ற சிக்கல் உடனே வந்துவிடும்.

தமிழாசிரியை

இருநூற்றுப் பன்னிரண்டாயிரம் என்பது இலக்கணப் பிழை அன்று. ஆனாலும் மட்டக்களப்பிலிருந்து அந்தப் பட்டியலைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுபவர் "பன்னிரண்டு இலட்சத்து" என்றுதான் தொடங்குவார்.

கொள்ளுப்பிட்டி_வர்த்தகம்

ஒன்றைக் கேட்காமல் விடுவது முறையன்று. கொழும்பில் கடை வைத்திருக்கிறீர்கள். சிங்களத்தில் கணக்கு வைக்கும் வாடிக்கையாளர்களும் உங்களுக்கு இருப்பார்கள். சிங்களமும் சேர்ந்தால் எழுத்தில் தொகை மூன்று வரிகள் ஆகும். அப்போது இந்த அமைப்பு தாங்குமா?

இரும்புக்கடை (கொழும்பு 12)

இருக்கிறார்கள் ஐயா, குருநாகலிலும் காலியிலும். தலைப்புகளை மூன்று மொழியில் வைத்துப் பார்த்தேன். தலைப்பு நிரை மாத்திரம் மூன்று அடி உயர்ந்து, ஏஃபோர் தாளில் பொருட்களுக்கு இருந்த இருபத்திரண்டு நிரைகள் பதினெட்டாகக் குறைந்துவிட்டன. வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மொழிக் கலம் வைத்து, அதைப் பொறுத்துத் தமிழ் – ஆங்கிலமோ சிங்களம் – ஆங்கிலமோ அச்சாகும்படி செய்யலாமா என்று யோசிக்கிறேன். அதற்குச் சிங்களச் சொற்களுக்கும் Sol போன்ற ஒரு தாள் வேண்டும். அங்கே எண்ணுப்பெயர்கள் எப்படிச் சேர்கின்றன என்பது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடை முதலாளியிடம் நாளை 99 சொற்களையும் எழுதித் தரும்படி கேட்கவிருக்கிறேன்.